மருந்தகக் கணக்காய்வு அறிக்கை: 2025 ஏப்ரல் – செப்டெம்பர்

பெறுநர்: பணிப்பாளர் சபை
பிரதிகள்: மருத்துவப் பணிப்பாளர், பொறுப்பு மருந்தாளர், கணக்காளர், தாதியர் பொறுப்பாளர்
அனுப்புநர்: உள்ளகக் கணக்காய்வாளர், வவுனியா
திகதி: 2025 ஒக்டோபர் 17

கணினி காட்டும் இருப்புக்கும் அலுமாரியில் இருப்பதற்கும் உள்ள நிகர வித்தியாசம் ரூபா 61,480. எண்ணிய மருந்துகளின் மொத்தப் பெறுமதி ரூபா 4,826,300 என்பதால், இந்தத் தொகையை மட்டும் பார்த்தால் மருந்தகம் ஒழுங்காகவே நடக்கிறது என்று சொல்லிவிடலாம். முந்தைய அரையாண்டு அறிக்கைகளும் அப்படித்தான் சொல்லி வந்தன. ஆனால் இந்த 61,480 ரூபா, ரூபா 214,700 குறைவிலிருந்து ரூபா 153,220 மிகையைக் கழித்து வந்த மீதி. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்பதே இந்த அறிக்கையின் முக்கிய வேண்டுகோள். குறைவாக இருப்பது வைத்தியசாலையின் பணம். மிகையாக இருப்பதில் பெரும் பங்கு நோயாளிகளின் பணம்.

எண்ணிய விதம்

ஒக்டோபர் 5 ஞாயிற்றுக்கிழமை, வெளிநோயாளர் பிரிவு மூடிய பிறகு எண்ணினோம். கணினியில் உள்ள 640 மருந்து வகைகளில் 160 எடுக்கப்பட்டன: குளிர்சாதனப் பெட்டியில் உள்ளவை எல்லாம், கட்டுப்பாட்டு மருந்துகள் எல்லாம், விலை கூடியவை, மீதி குலுக்கலில் வந்தவை. எண்ணியவர்களுக்குக் கணினி இருப்பு காட்டப்படவில்லை. எண்ணிக்கை தெரிந்தால் கை அந்த எண்ணிலேயே போய் நின்றுவிடும். எண்ணி முடிந்த பிறகு, ஒக்டோபர் முதல் ஐந்து நாட்களின் விற்பனையையும் வரவையும் சரிசெய்து செப்டெம்பர் 30 இருப்புக்குக் கொண்டு வந்தோம். 121 வகைகள் ஒத்து வந்தன. 27 வகைகளில் குறைவு, 12 வகைகளில் மிகை. பெறுமதிகள் எல்லாம் கொள்வனவு விலையில்.

குறைவு

செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம் ஊசிமருந்தை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 1 இருப்பு 140, கொள்வனவு 900, பில் போட்டது 842. இருக்க வேண்டியது 198, இருந்தது 161. காணாமற்போன 37இல் 22 அவசர சிகிச்சை அறையில் ஏற்றப்பட்டிருக்கின்றன. நோயாளியின் சீட்டில் மருந்தின் பெயரும் நேரமும் தெளிவாக இருக்கின்றன, பில்லில் இல்லை. இன்னும் 9 புட்டிகள் வாட்டின் அலுமாரியில் இருந்தன, மருந்தகம் அவற்றைக் கொடுத்ததற்குச் சிட்டையே எழுதவில்லை. 6க்கு விளக்கம் கிடைக்கவில்லை.

மற்ற வகைகளிலும் கதை ஏறக்குறைய இதுதான். மொத்தக் குறைவில் ரூபா 96,400 அவசர சிகிச்சை அறையில் பாவித்துப் பில் போடாதவை. ரூபா 42,150 வாட் அலுமாரிகளில் இருந்தவை. ரூபா 31,800 அலகுப் பிழை: மெட்ஃபோர்மின் போன்ற குளிசைகள் சில வரவுகளில் பெட்டியாகவும் சிலவற்றில் மட்டையாகவும் பதியப்பட்டுள்ளன. விளக்கமில்லாத மீதி ரூபா 44,350.

இந்த மீதியைக் களவு என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. அது 14 வகைகளில் சிறு சிறு தொகையாகப் பரவிக் கிடக்கிறது. ஒரே ஆளின் முறையிலோ ஒரே மருந்திலோ குவியவில்லை. இரவு முறையில் ஒருவரே மருந்து கொடுத்து, பில் போட்டு, காசும் வாங்குகிற நிலை இருக்கும்வரை யாரையும் சந்தேகிக்கவும் முடியாது, யாரையும் குற்றமற்றவர் என்று உறுதி சொல்லவும் முடியாது. அந்த நிலை ஊழியருக்கும் அநீதி.

மிகை

மிகை வந்தால் பொதுவாக யாரும் கேள்வி கேட்பதில்லை. பன்டோப்ரசோல் 40 மில்லிகிராம் ஊசிமருந்து 49 இருக்க வேண்டிய இடத்தில் 78 இருந்தது. 24 புட்டிகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் பிடித்தோம்: 11 நோயாளிகளுக்கு மூன்று நாளுக்கென்று மொத்தமாக எடுத்து, இரண்டாம் நாளே வைத்தியர் குளிசைக்கு மாற்றியிருக்கிறார். தாதியர் மீதியை நேர்மையாக மருந்தகத்தில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். திருப்பிய சிட்டை எழுதப்படவில்லை, பில் குறைக்கப்படவும் இல்லை. நோயாளி பாவிக்காத மருந்துக்குப் பணம் கட்டிவிட்டு வீடு போயிருக்கிறார். அதே புட்டி மறுபடி இன்னொருவருக்கு விற்கப்படத் தயாராக இருந்தது.

இப்படித் திரும்பி வந்தவை மொத்த மிகையில் ரூபா 71,300. ரூபா 58,900 விநியோகஸ்தர்கள் பத்துக்கு ஒன்று என்று தரும் இலவச மருந்து. விலைப்பட்டியலில் தொகை இல்லை என்பதால் அது கணினியில் ஏற்றப்படவில்லை. இது பாதிப்பில்லாத விடுபாடு போலத் தெரியும். ஆனால் பதியாத இலவச மருந்து இருக்கும் இடத்தில் அதே அளவு மருந்து வெளியே போனாலும் கணக்குச் சரியாகவே காட்டும். மீதி ரூபா 23,020க்கு மூலம் தெரியவில்லை.

சிட்டை, மருந்தேற்றப் பதிவு, பில்

வீடு திரும்பிய 60 நோயாளிகளின் கோவைகளில் மருந்தக விநியோகச் சிட்டை, வாட்டின் மருந்தேற்றப் பதிவு, இறுதிப் பில் மூன்றையும் வரிக்கு வரி ஒப்பிட்டோம். 38 ஒத்தன. 13 பில்களில் கொடுத்ததைவிடக் கூடுதலாக அறவிடப்பட்டுள்ளது, மொத்தம் ரூபா 27,460. 9 பில்களில் கொடுத்த மருந்து விடுபட்டுள்ளது, மொத்தம் ரூபா 34,910. விடுபட்டவற்றில் 7, மாலை ஆறு மணிக்குப் பிறகு பில் முடித்து அனுப்பப்பட்டவை. வாகனம் வாசலில் நிற்கிறது, நெடுங்கேணிக்கோ முல்லைத்தீவுக்கோ போக வேண்டும், உறவினர் அவசரப்படுத்துகிறார்கள். அன்று பிற்பகல் ஏற்றிய மருந்தின் சிட்டை இன்னும் வாட் மேசையிலேயே இருக்கும்.

விலையிலும் ஒரு பிழை. பார்த்த 20 வகைகளில் 2 வகைகள், பெட்டியில் அச்சிட்ட விலையைவிடக் கூடுதலாக விற்கப்பட்டுள்ளன. கணினி மருந்துக்கு ஒரே விலையைத்தான் வைத்திருக்கிறது. புதிய தொகுதி வந்து விலை மாறியதும், அலுமாரியில் மிஞ்சிய பழைய தொகுதிக்கும் புது விலை விழுகிறது. தொகை சிறியது. ஆனால் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி குற்றம். கணினி போட்டது என்ற பதில் அங்கே செல்லாது.

காலாவதி

விற்பனைத் தட்டுகளில் காலாவதியான 7 வகைகள் இருந்தன, பெறுமதி ரூபா 38,640. இவற்றில் 5, மாதாந்தம் எடுக்கும் 90 நாள் முன்னறிவிப்புப் பட்டியலில் வரவே இல்லை. காரணத்தைத் தேட ஒரு முழு நாள் போயிற்று. கணினி, முதலில் காலாவதியாகும் தொகுதியிலிருந்து தானாகக் கழிக்கிறது. மருந்து எடுப்பவரோ முன்னால் இருக்கும் பெட்டியை எடுக்கிறார், புதிய வரவுகள் முன்னால்தான் அடுக்கப்படுகின்றன. எனவே கணினியில் பழைய தொகுதி விற்று முடிந்துவிட்டது, தட்டில் அது பின்வரிசையில் அப்படியே இருக்கிறது. பட்டியலை எவ்வளவு ஒழுங்காக எடுத்தாலும் அது வராது. விற்கும்போது தொகுதி இலக்கத்தைப் பார்த்துத் தெரிவு செய்தாலொழிய இது தீராது.

மட்டையை வெட்டிக் கொடுக்கும் முறையையும் மாற்ற வேண்டும். திகதி அச்சிட்ட முனை முதலில் வெட்டப்படுவதால், மிஞ்சும் துண்டு எந்தத் தொகுதி, எப்போது காலாவதி என்று யாருக்கும் தெரியாது. அப்படியான 31 துண்டுகளை எடுத்து அப்புறப்படுத்தினோம்.

எல்லாவற்றிலும் பாரதூரமானது பணத்தில் மிகச் சிறியது: அவசர சிகிச்சை வண்டியில் அட்ரினலின் 4 ஊசிமருந்துகள் ஆகஸ்ட் மாதத்துடன் காலாவதியாகியிருந்தன. வண்டியின் சோதனைத் தாளில் செப்டெம்பர் முழுவதும் தினமும் சரி என்று கையொப்பம் இருக்கிறது. எண்ணிக்கையைப் பார்த்திருக்கிறார்கள், திகதியைப் பார்க்கவில்லை. அன்றிரவே மாற்றப்பட்டது.

குளிர்சாதனப் பெட்டி

2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டிய பெட்டி, நாங்கள் நின்றபோது பிற்பகல் இரண்டு மணிக்கு 11 பாகை காட்டியது. பதிவேட்டில் ஆறு மாதமும் காலையும் மாலையும் 4 என்றே இருக்கிறது, ஒரே பேனாவில். ஓகஸ்ட் வெயிலில் மின்சாரம் நின்ற நாட்களிலும் 4. இந்தப் பெட்டி மின்பிறப்பாக்கி இணைப்பில் இல்லை என்பதை மின்னியலாளர் உறுதிப்படுத்தினார். ஆகவே அந்தப் பதிவேட்டை நான் ஆதாரமாக ஏற்கவில்லை. உள்ளே இருந்த இன்சுலின், ஒக்சிடோசின், ஏற்புத் தடுப்பூசி ஆகியவற்றின் பாவனையை மருத்துவப் பணிப்பாளர் அன்றே நிறுத்தினார். உறைநிலைத் தட்டோடு ஒட்டி வைத்திருந்த 3 இன்சுலின் புட்டிகள் உறைந்திருந்தன. உருகவைத்துப் பாவிக்க முடியாதவை என்பதால் அழிக்கப்பட்டன. வாட்டில் திறந்திருந்த 5 புட்டிகளில் திறந்த திகதி இல்லை. 28 நாளைக் கணக்கிட வழியில்லாததால் அவையும் அழிக்கப்பட்டன.

கட்டுப்பாட்டு மருந்துகள்

மோர்ஃபின், பெத்திடின் இருப்பு பதிவேட்டோடு ஒன்றுகூடப் பிசகவில்லை. இரண்டு பதிவுகளில், பாதி பாவித்து மீதியைக் கொட்டியதற்குச் சாட்சிக் கையொப்பம் மட்டும் இல்லை. ஒரே ஆட்கள், ஒரே அறை, ஒரே வேலைப்பளு. இரு கையொப்பமும் முறைக்கு முறை எண்ணலும் இருக்கும் இடத்தில் கணக்கு நிற்கிறது என்பதைச் சபை கவனிக்க வேண்டும்.

பொறுப்பு மருந்தாளரின் பதிலும் இணங்கிய நடவடிக்கைகளும்

ஐவர் செய்த வேலையை மார்ச் முதல் மூவர் செய்கிறார்கள் என்று பொறுப்பு மருந்தாளர் எழுத்தில் தெரிவித்துள்ளார். ஊழியர் வரவுப் பதிவேடுகளைப் பார்த்தேன், அவர் சொல்வது உண்மை. தொகுதி பார்த்து விற்பது, வாட் திருப்பல்களைப் பதிவது இரண்டுக்கும் இன்னொருவர் வேண்டும் என்ற அவரது கோரிக்கையை நான் ஆதரிக்கிறேன். குளிர்சாதனப் பெட்டிப் பதிவேட்டுக்கு மட்டும் ஆட்குறைவு விளக்கமாகாது.

கூடுதலாக அறவிட்ட பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 60 கோவைகளில் 13 பேர், பன்டோப்ரசோலில் 11 பேர், இரண்டிலும் வருபவர்கள் 5 பேர், ஆக 19 பேர். தொகை ரூபா 36,400. தூர இடத்தவர்களை அலையவிடாமல், கணக்காளர் தொலைபேசியில் விபரம் கேட்டு ஒக்டோபர் 31க்குள் வங்கியில் போட வேண்டும். "அவர்களே கேட்கவில்லையே" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். கேட்பதற்கு அவர்களிடம் மருந்தேற்றப் பதிவின் பிரதி இல்லை.

இனிமேல் மருந்தேற்றப் பதிவோடு ஒப்பிட்டுத் தாதி கையொப்பமிடாமல் இறுதிப் பில் அச்சிடப்படாது. அவசர சிகிச்சை அறைக்கு நிலையான இருப்பு ஒன்று கொடுத்து, பில் இலக்கத்தைக் காட்டினால் மட்டும் நிரப்பப்படும். இவை இரண்டும் நவம்பர் 1 முதல், பொறுப்பு தாதியர் பொறுப்பாளருக்கும் பொறுப்பு மருந்தாளருக்கும். தொகுதிவாரி விலை, இலவச மருந்துப் பதிவு, அலகுத் திருத்தம் ஆகியவற்றுக்கு மென்பொருள் வழங்குநர் நவம்பர் 10 வரை தவணை கேட்டுள்ளார். மின்பிறப்பாக்கி இணைப்பு இந்த வாரமே முடிந்துவிட்டது. நினைவகமுள்ள வெப்பமானி ஒன்று வாங்கக் கேள்வி கோரப்பட்டுள்ளது. அதுவரை வாசிப்பை மருந்தாளரும் காவல் முறை தாதியும் மாறி மாறி எடுப்பார்கள்.

குறைவும் மிகையும் காட்டிய 39 வகைகளை நவம்பர் 16 ஞாயிற்றுக்கிழமை மாலை மறுபடி எண்ணுவேன். அன்று இரவு முறைக்கு இரண்டாவது ஆளை நியமிக்கும்படி மருத்துவப் பணிப்பாளரைக் கேட்டுள்ளேன்.

உள்ளகக் கணக்காய்வாளர்