பரிந்துரைக் கடிதம்: செவிலியர் மாணவி மலர்விழி

முதுநிலைச் செவிலியர் படிப்பின் சேர்க்கைக் குழுவினருக்கு,

வணக்கம். இறுதியாண்டு மாணவி மலர்விழி எங்கள் அறுவை சிகிச்சை வார்டில் 12 வாரம் பயிற்சி எடுத்தார். அவருடைய மேற்பார்வையாளர் என்ற முறையில், தீவிர சிகிச்சைச் செவிலியர் பிரிவுக்கு அவரை முழு மனதோடு பரிந்துரைக்கிறேன்.

ஓர் இரவுப் பணியைச் சொல்ல வேண்டும். குடல் அறுவை முடிந்து இரண்டாம் நாளில் இருந்தார் ஒரு நோயாளி. ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு எல்லாம் சரி. ஆனால் மலர்விழி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினார்: 28. நான்கு மணி நேரத்துக்கு முன் அது 18. உடனே என்னை அழைத்து, எண்களோடு நிலைமையைச் சொன்னார். அது செப்சிஸின் தொடக்கம். மருத்துவர் தாமதமின்றி ஆன்டிபயாட்டிக் தொடங்க முடிந்தது. எண்ணாமலே 20 என்று எழுதிவிடும் பழக்கம் அனுபவசாலிகளிடமும் உண்டு என்பதால்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

குறையும் உண்டு. தொடக்கத்தில் பணிக்குறிப்புகளை நீட்டி எழுதுவார். ஷிப்ட் மாறும் நேரம் இழுத்துவிடும். ஒருமுறை சொன்னதும் திருத்திக்கொண்டார். அப்புறம், நோயாளிகளின் உறவினர்கள் முதலில் தேடியது அவரைத்தான்.

மேலும் விவரம் தேவைப்பட்டால் தயங்காமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
பயிற்சி மேற்பார்வையாளர்,
அறுவை சிகிச்சை வார்டு