ஒன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுப் பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

திங்கட்கிழமை முதல் நம் வகுப்பில் நான்கு பிள்ளைகளுக்கு உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவப்பாகச் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்திருக்கின்றன. ஒரு குழந்தை “வாய் எரியுது மிஸ்” என்று ரசம் சோற்றை அப்படியே மூடி வைத்தபோதுதான் நானே கவனித்தேன். அந்தக் குழந்தையைப் பார்த்த மருத்துவர் ‘கை, கால், வாய் நோய்’ என்று சொல்லியிருக்கிறார். மற்ற மூவருக்கும் அதுதானா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இது வைரஸால் வருவது. பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானாகவே ஆறிவிடும். எச்சில், சளி, கொப்புள நீர், மலம் வழியாகப் பரவும்.

இன்றிரவு பிள்ளையின் கை, கால், வாய்க்குள் ஒருமுறை பாருங்கள். கொப்புளமோ காய்ச்சலோ இருந்தால் பள்ளிக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் காட்டிவிட்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள். மோர், இளநீர் அடிக்கடி கொடுங்கள். தண்ணீரே குடிக்காமல் சிறுநீர் குறைந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தண்ணீர் பாட்டில், துண்டு தனித்தனியாக இருக்கட்டும். வகுப்பில் மேசைகளைத் துடைக்கிறோம், சோப்புப் போட்டுக் கைகழுவ வைக்கிறோம். விடுப்பு நாள்களின் பாடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

யாருக்கு வந்தது என்று தயவுசெய்து கேட்க வேண்டாம்.

வகுப்பாசிரியை