வேறொருவருடைய எண்ணெய்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, சற்று முன் வாசிக்கப்பட்ட சுவிசேஷப் பகுதி லூக்கா 16-ஆம் அதிகாரத்திலுள்ள அநீதியுள்ள உக்கிராணக்காரனின் உவமை. பிரசங்கிமார் தயங்கித் தொடுகிற பகுதி இது. எஜமான் மெச்சியது அந்த மனிதனுடைய புத்தியைத்தான், அவன் செய்த அநீதியை அல்ல என்பதை மட்டும் சொல்லிவிட்டு, வேலை பறிபோகப் போகிறது என்று தெரிந்த அந்தச் சில மணி நேரத்தில் அவன் செய்ததை இன்று கவனிக்க விரும்புகிறேன்.

நூறு குடம் எண்ணெய் கடன்பட்டவனை அழைத்து, உன் சீட்டில் ஐம்பது என்று எழுது என்றான். நூறு கலம் கோதுமை கடன்பட்டவனிடம் எண்பது என்று எழுதச் சொன்னான். நாளை வேலையில்லாமல் நிற்கும்போது இவர்கள் தன்னைத் தங்கள் வீடுகளில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அவனுடைய எண்ணம். அந்த இருவரும் அன்றைக்கு வீட்டுக்குப் போய், இவனைப்போல் நல்ல மனிதன் உண்டா என்றுதான் பேசியிருப்பார்கள். ஆனால் அவன் அள்ளிக்கொடுத்த எண்ணெயில் ஒரு சொட்டுகூட அவனுடையது அல்ல.

இந்த இடத்தில்தான் என் முகம் எனக்குத் தெரிந்தது. யார் எதைக் கேட்டாலும் "சரி, செய்துவிடுகிறேன்" என்று சொல்லி நல்ல பெயர் வாங்குகிற நாம், கொடுப்பது எதிலிருந்து என்பதை யோசிக்கிறோமா? பாடகர் குழுவின் பயிற்சிக்கு, சேகரக் கமிட்டிக்கு, அலுவலக நண்பரின் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு, தெருக்காரரின் பத்திர வேலைக்கு நாம் கொடுக்கும் மணி நேரங்கள் முதலில் தேவனுடையவை. அடுத்தபடியாக, நாம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருக்கும் மனைவிக்கும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் வயதான பெற்றோருக்கும் பங்குள்ளவை. அவர்களைக் கேட்காமல் அவர்களுடைய எண்ணெயை ஊருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, நாம் தாராளமானவர்கள் என்று நினைத்துக்கொள்கிறோம்.

தாட்சண்யம் தன நாசம் என்று நம் பெரியோர் சொல்லிவைத்தார்கள். முகத்தாட்சண்யத்துக்காகக் கடன் கொடுத்து ஏமாந்தவர்கள் அதைச் சொல்லியிருக்க வேண்டும். பணம் போனால் பையைத் தடவும்போதாவது தெரிந்துவிடும். நேரம் போவது அப்படித் தெரிவதில்லை, ஆகவே ஒருமுறை எழுதிப் பார்ப்போம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஏழு மணி நேரத் தூக்கத்துக்கு 49 போகட்டும். வேலையும் அதற்கான பேருந்துப் பயணமுமாக 60 என்று வைத்துக்கொள்வோம். குளியல், சாப்பாடு, வீட்டு வேலை என்று நாளொன்றுக்கு மூன்றாக 21. மீதி 38. வீட்டாரோடு உட்கார்ந்து பேசவும், ஜெபிக்கவும், ஆராதனைக்கு வரவும், நோயாளியைப் பார்க்கவும், சும்மா இருக்கவும் நமக்கு அளந்து கொடுக்கப்பட்டது இவ்வளவுதான். இதிலிருந்து ஐம்பது மணி நேரத்துக்கு வாக்குக் கொடுக்கிறவர் உழைப்பாளி என்று பாராட்டப்படுகிறார். கையிருப்புக்கு மிஞ்சிக் காசோலை எழுதுகிறவரை நாம் அப்படிப் பாராட்டுவதில்லை.

என்னுடைய கணக்கையும் ஒப்புவிக்கிறேன். சென்ற மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நடக்க முடியாத ஒரு பாட்டிக்கு வீட்டில் திருவிருந்து கொடுக்க வருவதாகச் சொல்லியிருந்தேன். அதே பிற்பகலில் ஒரு வீட்டின் அஸ்திவார ஜெபத்துக்கும், ஒரு நிச்சயதார்த்தத்துக்கும், கட்டடக் கமிட்டிக்கும் வருவதாகச் சொல்லியிருந்தேன். மூன்று இடங்களிலும் என்னைப் புகழ்ந்தார்கள், மூன்று இடங்களிலும் காப்பி கொடுத்தார்கள். பாட்டியின் நினைவு இரவு ஒன்பது மணிக்குத்தான் வந்தது. மறுநாள் போனபோது, மேசையின்மேல் விரித்த வெள்ளைத்துணி அப்படியே இருந்தது. "ஐயருக்கு எவ்வளவு வேலை இருக்கும்" என்று அவர்களே எனக்காகச் சாக்குச் சொன்னார்கள். நாம் ஏமாற்றுகிறவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களே. சத்தமாகக் கேட்கிறவர்களுக்கு நேரத்தைக் கொடுத்துவிட்டு, கேட்கத் தெரியாதவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம். "என் சொந்தத் திராட்சத்தோட்டத்தையோ நான் காக்கவில்லை" என்று உன்னதப்பாட்டில் ஒரு பெண் சொல்லும் வார்த்தை அந்த இரவு முழுவதும் என்னை விடவில்லை.

"உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்று ஆண்டவர் கற்பித்தார். நாமோ இல்லை என்ற சொல்லுக்கு எத்தனையோ வேஷங்களைத் தைத்து வைத்திருக்கிறோம். "பார்ப்போம்" என்கிறோம். "முடிந்தால் வருகிறேன்" என்கிறோம். விசுவாசிகளாகிய நமக்கென்றே இன்னொன்றும் உண்டு: "ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்." உண்மையாகவே ஜெபிக்கிறவர்கள் என்னை மன்னிக்க வேண்டும், ஆனால் வரமாட்டேன் என்பதைச் சொல்லத் துணிவில்லாமல் கர்த்தருடைய நாமத்தை நடுவில் நிறுத்தியவர்கள் நம்மில் எத்தனை பேர்? தகப்பன் திராட்சத்தோட்டத்துக்குப் போகச் சொன்னபோது, "போகிறேன் ஐயா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகாமலிருந்த மகனையும், மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பின்பு மனஸ்தாபப்பட்டுப் போன மகனையும் ஆண்டவர் ஒப்பிட்டபோது, மரியாதைக்கு அவர் மதிப்பெண் போடவில்லை.

அவரும் மறுத்திருக்கிறார். கப்பர்நகூமில் பட்டணமெல்லாம் வாசலில் கூடிவந்த மாலைக்கு அடுத்த விடியற்காலையில், இருட்டோடே எழுந்து தனியிடத்துக்குப் போய் ஜெபித்துக்கொண்டிருந்தவரை சீமோனும் மற்றவர்களும் தேடிக் கண்டுபிடித்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்றார்கள். நமக்கு அது போதும், உடனே எழுந்து ஓடியிருப்போம். அவரோ அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள் என்றார். தாம் புறப்பட்டு வந்தது எதற்கென்று அவருக்குத் தெரிந்திருந்தது. கப்பர்நகூமில் அன்றைக்கும் நோயாளிகள் இருந்திருப்பார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த மறுப்பு எளிதாக இருந்திருக்காது.

இதைக் கேட்டுவிட்டுச் சிலர் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவது எனக்குத் தெரிகிறது. இதுவரை ஓர் அசனத்துக்கும் ஒரு வெங்காயம் உரிக்காதவர்களுக்கு இது பிரசங்கம் அல்ல. அவர்களுக்கு வேறொரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. இன்னும் சிலர், குறிப்பாக நம் வீட்டுப் பெண்கள், சரி என்று சொல்வதே இல்லை. அவர்களைக் கேட்காமலேயே அவர்கள் பெயரில் சரி சொல்லப்படுகிறது. "பத்துப் பேருக்குச் சாப்பாடு நம் வீட்டில்தான்" என்று ஆலய வாசலில் நின்று அறிவிக்கும் சகோதரர்கள் அந்த எண்ணெய் யாருடையது என்று கேட்டுக்கொள்ளட்டும்.

அசனப் பண்டிகை வேலைகளுக்கான தாள் இன்று ஆராதனை முடிந்ததும் உங்கள் கைகளுக்கு வரும். சென்ற ஆண்டு அதில் ஒரே சகோதரரின் பெயர் ஆறு இடங்களில் இருந்தது. இந்த ஆண்டு ஒருவருக்கு ஓர் இடம் என்று கமிட்டியில் முடிவு செய்திருக்கிறோம். எழுதுமுன் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வெறுமையாக அடுத்தவருக்குக் கொடுத்தாலும் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். இடங்கள் நிரம்பாமல் போனால் கறிவகைகளில் ஒன்றைக் குறைத்துக்கொள்வோம். இன்று மாலை நான்கு மணிக்குக் கட்டடக் கமிட்டி கூடுகிறது. நான் வரமாட்டேன் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் பாட்டியின் வீட்டில் இருப்பேன்.

ஜெபிப்போம். எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும் கர்த்தாவே. நீர் அளந்து கொடுத்ததை எங்களுடையது என்று செலவழித்தோம். எங்களுக்காகக் காத்திருந்து சோர்ந்தவர்களிடம் எங்களைத் திரும்ப அனுப்பும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில், ஆமென்.