வலது கவட்டு ஹேர்ணியா சத்திரசிகிச்சை: ஐயாவுடன் கதைத்தவை, அவருக்கும் மகளுக்குமான விளக்கத் தாள்

நோயாளி: 64 வயது, உரும்பிராயில் தோட்டம் செய்பவர். நீரிழிவுக்கு மெட்போமின் குடிக்கிறார். நாளுக்கு நாலைந்து சுருட்டு.
கதைத்தது: திங்கட்கிழமை கிளினிக்கில், மகளும் கூட இருந்தார்.
சத்திரசிகிச்சை: வரும் வியாழக்கிழமை காலை.

ஐயா, அன்று கிளினிக் கொப்பியில் நான் எழுதியது "நன்மை, ஆபத்து விளக்கப்பட்டது" என்ற ஒரு வரிதான். வீட்டுக்குப் போய் அதைப் பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. அதனால் நாங்கள் கதைத்ததையும் நீங்கள் கேட்டதையும் முழுதாக எழுதித் தருகிறேன். மகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

என்ன வருத்தம், என்ன செய்யப் போகிறோம்

வயிற்றுச் சுவரில், வலது கவட்டுப் பக்கம், ஒரு பலவீனமான இடம் இருக்கிறது. இருமும்போதும் இறைப்பு மெசினைத் தூக்கும்போதும் குடலின் ஒரு பகுதி அதற்குள்ளால் வெளியே தள்ளுகிறது. படுத்தால் உள்ளே போய்விடுகிறது. ஏழெட்டு மாதமாக வீக்கம் பெருத்து, பின்னேரத்தில் நோகிறது என்றும் சொன்னீர்கள்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கப் பண்ணுவார்கள். நீங்கள் விழித்திருப்பீர்கள், நோவு தெரியாது. கவட்டில் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, குடலை உள்ளே தள்ளி, அந்த இடத்தின் மேல் மெல்லிய வலை ஒன்றை வைத்துத் தைப்போம். ஒரு மணித்தியாலம் அளவில் முடியும்.

"வலை உள்ளுக்கை கிடந்து உக்கிப் போகாதோ பிள்ளை?" என்று கேட்டீர்கள். உக்காது. அது பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நூலால் பின்னியது. பந்தலில் பாகற்கொடி படர்வது மாதிரி உங்கள் சதை அதன் கண்களுக்குள்ளால் வளர்ந்து இறுகப் பிடித்துக்கொள்ளும். பிறகு கழற்றத் தேவையில்லை.

செய்தால் என்ன நன்மை

வீக்கம் போகும், பின்னேர நோவு பெரும்பாலும் நிற்கும். குடல் வெளியே வந்து இறுகிவிடுமோ என்ற பயமும் வெகுவாகக் குறையும். ஆறி முடிந்ததும் தோட்ட வேலைக்குத் திரும்பலாம். இருமலை இது மாற்றாது. அது சுருட்டால் வருவது.

என்ன பிழைக்கலாம்

இதைத்தான் அன்று நான் அவசரமாகச் சொல்லிவிட்டேன்.

பலருக்கும் வருவது: கவடும் விதைப்பையும் நீலம் பாரித்து வீங்கும். பார்க்கப் பயமாக இருக்கும், இரண்டு மூன்று கிழமையில் வடிந்துவிடும். காயத்தைச் சுற்றி ஒரு துண்டுத் தோல் விறைத்தே இருக்கலாம். அது சிலருக்கு மாறுவதில்லை.

நீங்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது நீடித்த நோவு. 100 பேரில் சுமார் 10 பேருக்கு மூன்று மாதத்துக்குப் பிறகும் ஏதோ ஒரு நோவு இருக்கிறது. அநேகருக்கு அது தாங்கக்கூடியது. வேலையைத் தடுக்குமளவுக்கு நோகிறவர்கள் 100 பேரில் ஒரு சிலர். குனிந்து நின்று களை பிடுங்குபவர் நீங்கள். அதனால்தான் இதை முன்னுக்கு வைக்கிறேன்.

சலம் போகாமல் அடைக்கலாம். இரவில் மூன்று தரம் எழும்புவதாகச் சொன்னீர்கள், ஆகவே உங்களுக்கு அந்தச் சாத்தியம் கூட. அடைத்தால் ஒரு நாள் இரண்டு நாளுக்குச் சலக்குழாய் வைப்போம்.

காயத்தில் கிருமி பிடிப்பது 100 பேரில் ஒரு சிலருக்கு. சீனி கூடினால் அதுவும் கூடும். மிக அரிதாக வலைக்கே கிருமி பிடித்தால் அதை எடுக்க வேண்டி வரும். ஹேர்ணியா திரும்ப வருவது வலை வைத்தவர்களில் 100க்கு ஒன்று முதல் மூன்று வரை. விதைக்குப் போகும் இரத்தக்குழாய் பாதித்து விதை சுருங்குவது 100 பேரில் ஒருவருக்கும் குறைவு.

முதுகு ஊசியால் பிரஷர் இறங்கலாம், அதை அங்கேயே சரிப்படுத்துவார்கள். சிலருக்குப் பிறகு தலையிடி வரும். நரம்பு நிரந்தரமாகப் பாதிப்பது மிக மிக அரிது. எந்தச் சத்திரசிகிச்சையிலும் போல நெஞ்சு வருத்தம், காலில் இரத்தம் உறைதல் ஆகியவையும் வரலாம். உங்கள் ஈசிஜி சரியாக இருக்கிறது.

வேறு வழிகள்

ஒன்றும் செய்யாமல் பார்த்திருக்கலாம். இது சும்மா சொல்லும் பேச்சில்லை, உண்மையான தெரிவு. நோவு இல்லாத அல்லது மிகக் குறைந்த ஆண்களை அப்படி வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், திடீரென்று குடல் இறுகியது ஆண்டுக்கு 1000 பேரில் இரண்டுக்கும் குறைவு. ஆனால் பத்து ஆண்டுக்குள் மூன்றில் இரண்டு பங்கினர் நோவு கூடி, தாங்களே வந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டார்கள். உங்களுக்கு இப்போதே நோவு இருப்பதால் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

பெல்ட் கட்டலாம். வீக்கத்தை அமத்தும், ஓட்டையை மூடாது. எண்ணெய் பூசுவதும் அப்படித்தான்.

கமரா விட்டுச் செய்யும் முறையில் காயம் சிறிது, வேலைக்கு வேளைக்குத் திரும்பலாம், நீடித்த நோவும் சற்றுக் குறைவு. ஆனால் முழு மயக்கம் தேவை. உங்கள் நெஞ்சில் இழுப்புச் சத்தம் கேட்டதால் அனஸ்தீசியா டொக்டர் முதுகு ஊசியை விரும்புகிறார். வலை இல்லாமல் தைத்தும் செய்யலாம், திரும்ப வரும் சாத்தியம் கூட.

என் அபிப்பிராயம்: செய்வது நல்லது, ஆனால் அவசரமில்லை. சுருட்டை நிறுத்திவிட்டு இரண்டு மாதம் கழித்து வந்தாலும் குறை சொல்லமாட்டேன். வெங்காயம் நடமுன்னம் முடிக்க வேண்டும் என்று வியாழனைத் தெரிந்தது நீங்கள்தான்.

நல்லூர்

கொடியேற இன்னும் ஐந்து கிழமை. ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது, வாளித் தண்ணீரும் பாரம்தான். சாமி கும்பிடப் போகலாம், நடக்கலாம். பிரதட்டை இந்த முறை வேண்டாம். "முப்பது வருசமா விடேல்லை" என்றீர்கள். அதற்காகவே திகதியைப் பின்போட விரும்பினால் புதன் மத்தியானத்துக்குள் விடுதிக்குச் சொல்லுங்கள்.

வியாழனுக்கு முன்

புதன் இரவு பன்னிரண்டுக்குப் பிறகு சாப்பாடு இல்லை. வெற்றிலையும் சாப்பாட்டுக் கணக்குத்தான். காலையில் மெட்போமின் வேண்டாம். இன்றிலிருந்து சுருட்டை விட்டாலும் இருமல் கொஞ்சம் அடங்கும்.

அதற்கிடையில் வீக்கம் கல்லுப் போல இறுகி உள்ளே போகாமல் நின்றாலோ, கடும் நோவோடு சத்தி எடுத்தாலோ, காற்றும் மலமும் போகாமல் நின்றாலோ வியாழன்வரை பொறுக்க வேண்டாம். 1990க்கு அழைத்து உடனே வாருங்கள். அம்புலன்சுக்குக் காசு இல்லை.

சம்மதம்

உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்டபோது நீங்கள் சொன்னது: "ஓட்டையை வலை போட்டு அடைக்கிறியள். கொஞ்சப் பேருக்கு நோ நிக்காது. செய்யாமல் விட்டாலும் உடனை சாகமாட்டன்." இதைவிடத் திறமாக என்னாலும் சொல்ல முடியாது.

கையெழுத்து வைத்த பிறகும், தியேட்டர் வாசலில் நின்றுகூட, வேண்டாம் என்று சொல்லலாம். அதனால் உங்கள் மற்ற வைத்தியம் குறையாது.

ஐயா இந்தத் தாளை மகள் வாசிக்கக் கேட்டு, செவ்வாய் பின்னேரம் விடுதியில் கையெழுத்திட்டார். மகள் சாட்சியாகவும், சத்திரசிகிச்சைப் பிரிவு வைத்தியராக நானும் ஒப்பமிட்டோம். ஒரு பிரதி அவர் கையில், மற்றது கட்டிலடி டிக்கெட்டில்.