விஜயதசமிச் சேர்க்கை விளம்பரம் 2025: நான்கு நகரங்களின் கணக்கு

நாள்: 22 அக்டோபர் 2025
பெறுநர்: நிர்வாகி, ஆசிரியர் ஒருங்கிணைப்பாளர்
அனுப்புநர்: விளம்பரப் பிரிவு

ஐயா, அம்மா, வணக்கம்.

இணையவழித் தமிழ் வகுப்புக்காக டொரொண்டோ, லண்டன், சிங்கப்பூர், சிட்னி ஆகிய நகரங்களில் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 12 வரை விளம்பரம் செய்தோம். மொத்தம் 143 பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். விளம்பரத்துக்கு ஆன செலவு 3,44,300 ரூபாய்; சராசரியாகப் பிள்ளைக்கு 2,408 ரூபாய்.

கட்டணம் செலுத்தி, ஒரு வாரத்துக்குள் விலகாதவர்களை மட்டுமே சேர்ந்தோராக எண்ணியிருக்கிறேன். சோதனை வகுப்புக்கு வந்து போனவர்கள் இதில் இல்லை.

| நகரம் | செலவு | ரூபாயில் | சேர்ந்தோர் | பிள்ளைக்கு (ரூபாய்) | மூன்று மாதக் கட்டணத்தில் பங்கு |
|---|---|---|---|---|---|
| சிட்னி | 900 ஆஸ்திரேலிய டாலர் | 52,200 | 29 | 1,800 | 21% |
| டொரொண்டோ | 1,900 கனடிய டாலர் | 1,19,700 | 57 | 2,100 | 22% |
| லண்டன் | 1,000 பவுண்டு | 1,18,000 | 40 | 2,950 | 33% |
| சிங்கப்பூர் | 800 சிங்கப்பூர் டாலர் | 54,400 | 17 | 3,200 | 39% |

விளம்பரக் கணக்குகள் அந்தந்த நாட்டு நாணயத்தில் இருப்பதால், திரையில் லண்டனுக்கு நேரே ஒரு பிள்ளைக்கு 25 என்றும் டொரொண்டோவுக்கு நேரே 33 என்றும் தெரியும். அதை அப்படியே படித்தால் லண்டன்தான் மலிவு. ரூபாயில் போட்டுப் பார்த்தால் வரிசையே புரண்டுவிடுகிறது.

மாற்று விகிதத்தைச் செப்டம்பர் 15 அன்று ஒருமுறை நிலைநிறுத்தி, நான்கு வாரத்துக்கும் அதையே கையாண்டேன்: கனடிய டாலர் 63, பவுண்டு 118, சிங்கப்பூர் டாலர் 68, ஆஸ்திரேலிய டாலர் 58. நாளுக்கு நாள் மாறும் விகிதத்தைப் போட்டால், விளம்பரம் தேறியதா நாணயம் சரிந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வங்கி அட்டையில் கழிந்த தொகை 3,57,900 ரூபாய். கூடுதலாக உள்ள 13,600 வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் அன்றாட விகித வித்தியாசமும்தான். அது கணக்குப் பிரிவுக்கு உரியது. நகரங்களின் தலையில் ஏற்றவில்லை.

நேரத்தில்தான் சிக்கல் அதிகம். நான்கு கணக்குகளும் இந்திய நேரத்தில் ஓடுகின்றன. டொரொண்டோவின் 57 பேரில் 31 பேர் ஞாயிறு மாலை 6 மணி முதல் இரவு 10 மணிக்குள் சேர்ந்தவர்கள். நம் திரையில் அது திங்கள் அதிகாலை 3:30 முதல் 7:30 வரை என்று பதிவாகிறது. சென்ற கூட்டத்தில் பேசிய ‘திங்கட்கிழமைச் செலவைக் கூட்டலாம்’ என்ற யோசனையை இத்துடன் விட்டுவிடலாம். லண்டனின் ஞாயிறு மாலையோ நம் நள்ளிரவில் இரண்டாகப் பிளந்துபோகிறது: ஒரே மாலையில் சேர்ந்தவர்களில் 13 பேர் ஞாயிற்றிலும் 9 பேர் திங்களிலும் கிடந்தார்கள். எல்லாவற்றையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றி, ஒவ்வொரு நகரத்துக்கும் முழுதாக 28 உள்ளூர் நாட்களை எடுத்திருக்கிறேன். கடைசி நாள் சிட்னியில் முடிந்தபோது நமக்கு மாலை 6:30. டொரொண்டோவில் முடிய மேலும் 15 மணி நேரம் ஆனது.

சிட்னியில் அக்டோபர் 5 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். நம் பிற்பகல் 3:30-க்கு வைத்த விளம்பரம் அதுவரை அங்கே இரவு 8 மணிக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்று முதல் 9 மணிக்குப் போனது. வாரவாரியாகச் சேர்ந்தோர் 8, 9, 9, 3. விஜயதசமி அக்டோபர் 2-ஆம் தேதியே கடந்துவிட்டதால் மற்ற நகரங்களும் கடைசி வாரத்தில் சற்றுத் தளர்ந்தன. ஆனால் எதுவும் மூன்றில் ஒன்றாகச் சரியவில்லை. பழியைக் கடிகாரத்தின் மேல் மட்டும் போட எண்ணிக்கை போதாது. சந்தேகப்பட இது போதும்.

சிங்கப்பூரின் 39 விழுக்காட்டைப் பார்த்து அந்த நகரத்தைக் கைவிட வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கிறார்கள். ‘உயிரெழுத்திலிருந்து தொடங்குவோம்’ என்ற நம் வாசகம் டொரொண்டோப் பெற்றோருக்கு இனிக்கும். சிங்கப்பூர்த் தாய்க்கு அது தேவையே இல்லை. போதாக்குறைக்கு, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நடக்கும் பருவத்தில் போய்க் கதவைத் தட்டியிருக்கிறோம். பேச்சுப் பயிற்சியை முன்வைத்து, ஜனவரியில் பள்ளி திறந்தபின் மறுபடி முயலலாம்.

உடனே செய்ய வேண்டியது ஒருங்கிணைப்பாளர் கையில் இருக்கிறது. வரும் ஞாயிறு, அக்டோபர் 26 அன்று லண்டனிலும், நவம்பர் 2 அன்று டொரொண்டோவிலும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். இரண்டு நகரங்களிலும் சனிக்கிழமை வகுப்பு உள்ளூர் நேரம் காலை 10 மணிக்கே இருக்க வேண்டுமானால், லண்டன் ஆசிரியர்கள் நவம்பர் 1 முதல் பிற்பகல் 2:30-க்குப் பதில் 3:30-க்கும், டொரொண்டோ ஆசிரியர்கள் நவம்பர் 8 முதல் இரவு 7:30-க்குப் பதில் 8:30-க்கும் அமர வேண்டும். 8:30 ஒத்துவராத ஆசிரியர் யாரென்று வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தால், பெற்றோருக்கான அறிவிப்பைச் சனிக்கிழமை அனுப்பிவிடுவேன்.