பொருள்: கடலடி வடங்கள் கட்டுரை – ஒப்புதல், சன்மானம், கெடு, மறுபயன்பாட்டு உரிமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதச் சிறப்பிதழுக்குக் கடலடி இணைய வடங்களைப் பற்றி 2,500 சொற்களில் ஒரு கட்டுரை வேண்டும் என்று மார்ச் 9 அன்று நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொள்கிறேன். கண்டங்களுக்கிடையே செல்லும் இணையத் தகவலில் மிகப் பெரும்பகுதி செயற்கைக்கோள் வழியாக அல்லாமல், கடல் தரையில் கிடக்கும் கண்ணாடி இழை வடங்கள் வழியாகவே செல்கிறது என்பதைப் பொது வாசகருக்கு விரிவாக எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். வேலையைத் தொடங்குமுன் சிலவற்றை எழுத்தில் உறுதி செய்துகொள்ள விரும்புகிறேன்.

நீங்கள் குறிப்பிட்ட 15,000 ரூபாய் சன்மானம் எனக்குச் சம்மதம். ஆனால் அதை இதழ் வெளியான பிறகு தருவதாக எழுதியிருக்கிறீர்கள்; இதழ் வெளியாகும் நாள் என் கையில் இல்லை என்பதால், கட்டுரையை நீங்கள் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தொகை வந்துசேருமாறு மாற்றித் தரக் கேட்டுக்கொள்கிறேன். ஏற்றுக்கொண்ட பிறகு ஏதோ காரணத்தால் வெளியிட முடியாமல் போனால் முழுத் தொகையும், கெடுவுக்குள் நான் அனுப்பிய பிரதி உங்களுக்கு ஏற்புடையதாக இல்லாமல் திருப்பப்பட்டால் பாதித் தொகையும் தர வேண்டுகிறேன். நேர்காணல்கள் தொலைபேசியிலேயே நடக்கும், எனவே தனிச் செலவு எதுவும் இராது.

ஏப்ரல் 10 என்ற கெடுவை ஏப்ரல் 20 ஆக நீட்டித் தர முடியுமா? வடம் பழுதுபார்க்கும் கப்பல் ஒன்றில் பணிபுரியும் பொறியாளர் ஒருவர் பேச இசைந்திருக்கிறார். அவருடைய கப்பல் கரை திரும்புவதோ ஏப்ரல் முதல் வாரத்தில்தான். அறுந்த வடத்தின் முனையைக் கொக்கியால் தேடிப் பிடித்துத் தளத்துக்கு ஏற்றி, மயிரிழை பருமனே உள்ள கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாக உருக்கி இணைக்கும் வேலையை அதைச் செய்பவர் வாயால் கேட்காமல் எழுதினால், ஏற்கெனவே எங்கோ அச்சானதைத் திரட்டித் தந்ததாகவே முடியும். ஏப்ரல் 12 வரை அவர் கிடைக்காவிட்டால் அன்றே உங்களுக்குத் தெரிவித்துவிட்டு, கையிலிருக்கும் மற்ற இரு நேர்காணல்களை வைத்து எழுதி முடிப்பேன். ஏப்ரல் 20 என்ற தேதி எப்படியும் மாறாது. நீங்கள் கேட்கும் திருத்தங்களை ஒருமுறை, ஐந்து நாட்களுக்குள் செய்து தருவேன். எண்களும் தொழில்நுட்ப விவரங்களும் நிறைந்த கட்டுரை என்பதால் அச்சுக்குப் போகுமுன் மெய்ப்பை ஒருமுறை எனக்கு அனுப்புவது அவசியம்.

நான் தயங்குவது உரிமையைப் பற்றிய வரியில். 'கட்டுரையின் எல்லா உரிமைகளும் இதழைச் சேரும்' என்று உங்கள் மின்னஞ்சலில் உள்ளது. இதை மட்டும் ஏற்க இயலவில்லை. எழுத்தையே தொழிலாகக் கொண்ட எனக்கு ஒரு கட்டுரை ஒருமுறை அச்சேறுவதோடு முடிந்துவிடுவதில்லை; பின்னாளில் நூலாகத் தொகுக்கவும், விரித்து எழுதவும், மொழிபெயர்ப்புக்குத் தரவும் அது என்னிடம் இருந்தாக வேண்டும். எனவே பதிப்புரிமை என்னிடமே இருக்க, அச்சிதழிலும் உங்கள் இணையதளத்திலும் தமிழில் முதலில் வெளியிடும் உரிமையை இதழுக்குத் தருகிறேன். வெளியான நாளிலிருந்து 90 நாட்களுக்கு இக்கட்டுரையை வேறு எங்கும் தரமாட்டேன். அதன் பிறகும் உங்கள் இணையதளத்திலும் பழைய இதழ்களின் மின்பதிப்பிலும் அது எவ்விதக் கூடுதல் தொகையும் இன்றித் தொடர்ந்து இருக்கலாம்.

தொகைநூலில் சேர்ப்பது, மொழிபெயர்ப்பது, ஒலிவடிவில் வெளியிடுவது, பிற இதழ்களுக்குத் தருவது ஆகியவற்றுக்கு ஒவ்வொரு முறையும் என் எழுத்துவழி ஒப்புதல் தேவை. இதழின் தொகைநூலுக்கு முதல் சன்மானத்தில் 40 விழுக்காடும், பிற இதழ் வழியாக வரும் தொகையில் சரிபாதியும் எனக்குத் தருவது நியாயமாக இருக்கும். நான் மறுபதிப்புச் செய்யும்போது முதலில் உங்கள் இதழில் வெளிவந்ததைத் தவறாமல் குறிப்பிடுவேன். தலைப்பை மாற்றுவதும் இடத்துக்கேற்பச் சுருக்குவதும் ஆசிரியரின் உரிமை என்பதை மதிக்கிறேன். பொருள் மாறும் திருத்தங்களை மட்டும் என்னிடம் கேட்டுச் செய்யுங்கள், எந்த வடிவில் வெளியிட்டாலும் என் பெயர் இடம்பெறட்டும்.

15,000 ரூபாய் என்பது எல்லா உரிமைகளையும் கருதிக் கணக்கிட்ட தொகை என்றால் தயங்காமல் சொல்லுங்கள். ஒலிவடிவ உரிமையை ஓராண்டுக்கு, இதே சன்மானத்துக்குள் சேர்த்துத் தர நான் தயார். உரிமையை முழுமையாக எழுதிக் கொடுப்பது மட்டும் தொகையைக் கூட்டினாலும் இயலாது.

இவற்றுக்கு உங்கள் சம்மதத்தை மார்ச் 15-க்குள் பதில் மின்னஞ்சலில் தெரிவித்தால், அந்தப் பதிலையும் இந்த மடலையும் சேர்த்தே நம் ஒப்பந்தமாகக் கொள்ளலாம். மறுநாளே முதல் நேர்காணலைத் தொடங்கிவிடுவேன்.

அன்புடன்,
கயல்விழி