செவலையின் மடிநோய் ரிப்போர்ட்டும் மருந்து அட்டவணையும்

அண்ணனுக்கு வணக்கம்.

செவலையின் பால் சோதனை ரிப்போர்ட் இன்று காலை வந்துவிட்டது. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்று எழுதியே அனுப்புகிறேன். மாட்டுக் கொட்டகையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், கறக்கும் ஆளும் படிக்கட்டும்.

முதல் தாளில் நான்கு காம்புகளுக்கும் தனித்தனியாகப் போட்டிருக்கிறது. முன்காம்பு இரண்டும், வலது பின்காம்பும் சுத்தம். இடது பின்காம்புக்கு நேரே மட்டும் மூன்று கூட்டல் குறி. அன்றைக்குத் தட்டில் பாலோடு மருந்தைக் கலந்து சுற்றினேனே, அந்த ஒரு குழியில் மட்டும் முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரண்டு நின்றது. அதைத்தான் அப்படிக் குறித்திருக்கிறார்கள். அதே காம்பில் செல் எண்ணிக்கை ஒரு மில்லிக்கு 28 லட்சம். நல்ல மடியில் இது 2 லட்சத்துக்குள் இருக்கும். கிருமியோடு சண்டை போட உடம்பு அனுப்பிய வெள்ளையணுக்கள் அவை. நீங்கள் பார்த்த திரி திரியான பாலுக்கும் காரணம் அந்தச் சண்டைதான்.

இரண்டாவது தாள்தான் முக்கியம். கிருமியின் பெயர் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். சாணியிலிருந்தோ ஈரத் தரையிலிருந்தோ வரும் சாதாரணக் கிருமி இல்லை இது. பெரும்பாலும் கறக்கும் கை, துடைக்கும் துணி, கறவை இயந்திரம் வழியாக ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குப் போவது. மடிக்குள் ஆழமாகப் போய் ஒளிந்துகொள்ளும். கீழே மருந்துகளின் பட்டியலில் பென்சிலினுக்கு எதிரே ‘ஆர்’ என்று இருப்பதைப் பாருங்கள். அந்த மருந்து இந்தக் கிருமியிடம் எடுபடாது. அமாக்ஸிசிலின்–கிளாவுலானிக் அமிலத்துக்கு ‘எஸ்’, அதாவது கேட்கும்.

‘அன்றைக்கே ஏன் ஊசி போடவில்லை’ என்று கேட்டீர்கள். உடம்புச் சூடு 101.6 டிகிரிதான், மாட்டுக்கு அது சாதாரணம். தீனியும் நன்றாக எடுத்தது. பென்சிலினைப் போட்டிருந்தால் பாலைக் கொட்டியதுதான் மிச்சமாக இருந்திருக்கும்.

இனி அட்டவணை. இன்று திங்கள் மாலை 6 மணிக்கு நானே வந்து வீக்கத்துக்கு மெலாக்ஸிகாம் ஊசி ஒன்றும், அந்தக் காம்புக்குள் அமாக்ஸிசிலின்–கிளாவுலானிக் அமில மருந்தின் முதல் டியூபும் போடுகிறேன். இரண்டாவது டியூப் செவ்வாய் காலை 6 மணி, மூன்றாவது செவ்வாய் மாலை 6 மணி. இந்த இரண்டும் உங்கள் கையில். பால் தெளிந்துவிட்டது என்று மூன்றாவதை நிறுத்திவிடாதீர்கள், அங்கேதான் பலரும் தவறுகிறார்கள்.

போடும் முறையை இன்று காட்டுகிறேன், இருந்தாலும்: முதலில் அந்தக் காம்பைச் சொட்டுப் பால் இல்லாமல் கறந்துவிடுங்கள். காம்பின் நுனியை ஸ்பிரிட் பஞ்சால், பஞ்சு அழுக்கில்லாமல் வரும் வரை துடையுங்கள். டியூபின் மூக்கை முழுவதும் திணிக்க வேண்டாம், நுனி நுழைந்தால் போதும். மருந்தை மெதுவாக அழுத்தி, காம்பிலிருந்து மேல்நோக்கி நீவிவிடுங்கள். பிறகு நான்கு காம்பையும் அயோடின் கரைசலில் முக்குங்கள். உடனே தீவனம் போடுங்கள், அரைமணி நேரமாவது படுக்காமல் நிற்கட்டும். கறந்தவுடன் காம்பின் துளை திறந்தே இருக்கும்.

சரி, பால் எப்போது ஊற்றலாம்? டியூபுக்குக் கடைசி மருந்திலிருந்து 84 மணி நேரம், அது சனி காலை 6 மணி. ஊசிக்கு 5 நாள், அது சனி மாலை 6 மணி. பிந்தியதைத்தான் எடுக்க வேண்டும். ஆகவே ஞாயிறு காலைக் கறவையிலிருந்து ஊற்றுங்கள், அதுவும் திரி இல்லாமல் இருந்தால். அதுவரை நான்கு காம்புப் பாலும் கொட்டத்தான் வேண்டும். மருந்து ஒரு காம்பில்தானே என்று மற்றதைச் சேர்க்க வேண்டாம், இரத்தம் வழியாக எல்லாவற்றிலும் வரும். கன்றுக்கும் கொடுக்காதீர்கள். ஆறு நாள் பால் போவது வலிக்கும், தெரியும்.

செவலையைக் கடைசியாகக் கறக்கச் சொல்லுங்கள். ஒரு துணி ஒரு மாட்டுக்கு மட்டும்.

மறைக்காமல் சொல்கிறேன், இந்தக் கிருமி எல்லா மாட்டையும் விட்டுப் போய்விடுவதில்லை. ஆனால் செவலைக்கு இது இரண்டாம் ஈத்துதான், ஒரு காம்பில்தான், வந்து சில நாள்தான். அதனால் நம்பிக்கை இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, மூன்று வாரம் கழித்து ஒருமுறை பால் எடுத்துச் சோதிப்போம். இரண்டிலும் கிருமி இல்லை என்றால்தான் குணம். இருந்தால் வற்றவிடும் சமயத்தில் வேறு மருந்து பார்ப்போம்.

தீனி எடுக்காமல் நின்றாலோ, காம்பு சில்லென்று நீலம் பாய்ந்தாலோ, பால் இரத்தம் கலந்த தண்ணீர் மாதிரி வந்தாலோ நேரம் பார்க்காமல் கூப்பிடுங்கள்.

அப்புறம், புதன் காலை வந்து மற்ற இரண்டு மாடுகளுக்கும் தட்டுச் சோதனை செய்கிறேன். நான் வரும்வரை அவற்றைக் கறக்காமல் வையுங்கள்.